நேரத்தை மாற்றிக் கேளுங்கள், காரணம் கூரையில் இருக்கிறது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் நடக்கும் தோட்ட மரபு விழாவில் 40 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பாட்டிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாட்டு எல்லாம் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். அவற்றை மடிக்கணினியில் ஏற்றி ஒலிக்க விட்டு, பழைய படங்களையும் காட்டிப் பேச வேண்டும். வரைவு நிகழ்ச்சி நிரலில் எனக்கு மதியம் 2.15 என்று போட்டிருக்கிறார்கள். காலை 10 மணிக்குச் சட்டமன்ற உறுப்பினரின் திறப்புரை, 11.15க்கு இளைஞர்களின் உறுமி மேளம், 1 மணிக்குச் சாப்பாடு. இடம் தகரக் கூரை போட்ட பழைய டேவான். நேரத்தை மாற்றிக் கேட்டால் பந்தா பண்ணுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ? தேவையான சாமான்களையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மின்னஞ்சலை எப்படி எழுதுவது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

கேளுங்கள் டீச்சர். உங்கள் பேச்சுக்கு உயிரே அந்தப் பாட்டிமாரின் குரல். அக்டோபர் மாதம் மதியம் இரண்டேகாலுக்குத் தகரக் கூரையின் கீழ் அந்தக் குரல் கேட்காமல் போக வாய்ப்பு அதிகம்.

மேற்குக் கரை மாநிலங்களில் இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை பெரும்பாலும் வெயிலாக இருக்கும். மதியத்துக்குமேல் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை வந்தபின் ஒலிபெருக்கியில் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். கூரையில் அடிக்கும் மழையை மீறிப் பேச்சைக் கேட்கவைக்க, ஒலி பார்க்கும் தம்பி மைக்கின் ஒலியைக் கூட்டுவார். ஓரளவுக்குமேல் கூட்டினால் மைக் கூவ ஆரம்பிக்கும். கேசட் பதிவு இன்னும் மோசம். அதில் குரலோடு சேர்ந்து நாடாவின் இரைச்சலும் இருக்கிறது, ஒலியைக் கூட்டக் கூட்ட இரண்டும் சேர்ந்தே கூடும். அந்த இரைச்சலும் மழையின் சத்தமும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், தாலாட்டின் மெல்லிய இழுப்புகள் நடுவில் கரைந்துவிடும். பாட்டியின் வாய்ச்சொல் புரியாமல் கூட்டம் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே மின்னஞ்சலில் இந்த ஒரு காரணத்தை மட்டும் எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் தூக்கம் வரும், கூட்டம் கலைந்துவிடும், எனக்கு வீட்டுக்குப் போக நேரமாகும் என்றெல்லாம் சேர்க்காதீர்கள். முதல் இரண்டும் மதியத்தில் பேசும், ஆடும் எல்லாருக்குமே பொருந்தும். அதை எழுதினால், உங்களுக்குப் பதிலாக அந்த நேரத்துக்குப் போகிறவரை மட்டம் தட்டியதாகிவிடும், செயலாளருக்கும் தர்மசங்கடம். கூரையும் கேசட்டும் உங்கள் பேச்சுக்கு மட்டுமே உரிய காரணம். அதில் யாரையும் குறை சொல்வதில்லை, பந்தாவும் இல்லை.

அடுத்தது, வெறுமனே 'காலையில் போடுங்கள்' என்று கேட்காதீர்கள். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறியும் வேலையைச் செயலாளருக்குத் தருவானேன்? மாற்று வழியையும் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் நிரலிலேயே அது இருக்கிறது. 11.15 உறுமி மேளத்தையும் உங்கள் 2.15ஐயும் மாற்றிப் போட்டால் போதும். உறுமிக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. சாப்பிட்டு வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை உள்ளே இழுக்கவும் உறுமிச் சத்தத்துக்கு மிஞ்சியது எதுவுமில்லை. செயலாளர் அந்த இளைஞர்களிடம் பேசும்போது சொல்வதற்கு அவருக்கும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும். ஆனால் நீங்களாகப் போய் அந்தப் பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட்டுச் செயலாளருக்குத் தகவல் சொல்லாதீர்கள். அவர்களின் பள்ளியோ வேலையோ, மேளத்தை ஏற்றி வரும் வேன் எத்தனை மணிக்கு வரும் என்பதோ அவருக்குத்தான் தெரியும்.

10.30க்குக் கேட்கலாமே என்று தோன்றலாம். வேண்டாம். திறப்புரைக்கு வரும் சட்டமன்ற உறுப்பினர் தாமதித்தால் அவருக்கு அடுத்து இருப்பவரின் நேரம்தான் முதலில் வெட்டுப்படும். 40 நிமிடப் பேச்சு 20 ஆகும், நீங்கள் பாட்டை வெட்டுவதா பேச்சை வெட்டுவதா என்று மேடையிலேயே தடுமாறுவீர்கள். 11.15 கொஞ்சம் தள்ளிப்போனாலும் 12 மணிக்குள்தான் தொடங்கும், மழைக்கு முந்தியே முடிந்துவிடும். இரண்டாவது விருப்பமாகச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, 12.15ஐச் சொல்லுங்கள். மூன்றாவது விருப்பம் வேண்டாம். நிறைய விருப்பம் தந்தால், எந்த நேரமானாலும் உங்களுக்குப் பரவாயில்லை என்று படித்துவிடுவார்கள்.

மின்னஞ்சல் அனுப்புமுன் ஒரு வேலை இருக்கிறது. ஒருநாள் காலை 11 மணிவாக்கில் டேவானுக்குப் போய் மேடைக்குக் கீழே நின்று, திரை வரப்போகும் சுவரைப் பாருங்கள். கதவும் கண்ணாடிப் பட்டை ஜன்னல்களும் எந்தப் பக்கம் இருக்கின்றன, வெளிச்சம் எங்கே விழுகிறது? மேடை மேற்கே இருந்து, வாசல் கிழக்கே திறந்திருந்தால், காலை வெளிச்சம் நேராகத் திரையில் விழும். மழைக்குப் பயந்து நேரத்தை மாற்றி, படம் தெரியாமல் மாட்டிக்கொள்வது அப்படித்தான். சாதாரணமாக மண்டபங்களில் கிடைக்கும் 3000 லூமன் புரொஜெக்டர், திரையில் நேர் வெளிச்சம் விழுந்தால் தாக்குப்பிடிக்காது. அதுவும் உங்கள் படங்கள் பழைய கறுப்பு வெள்ளை. வெளிச்சத்தில் முதலில் காணாமல் போவது கறுப்புதான், முகமெல்லாம் சாம்பல் பூத்துவிடும். பார்த்துவிட்டு, எந்த ஜன்னலுக்குத் துணி கட்ட வேண்டும், எந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'இருட்டாக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். 'மேடைக்கு இடப்பக்கம் உள்ள மூன்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி' என்றால் ஒருவர் கொண்டுவந்து கட்டிவிடுவார்.

இனி சாமான் பட்டியல். அது யார் கைக்குப் போகும் என்பதை முதலில் நினையுங்கள். செயலாளர் அதை அப்படியே எடுத்து வாட்ஸ்அப்பில் ஒலி, ஒளி பார்ப்பவருக்கு அனுப்பிவிடுவார். நேரத்தைப் பற்றிய மரியாதைப் பேச்சு அவருக்குத் தேவையில்லை. ஆகவே ஒரே மின்னஞ்சலாக இருக்கட்டும், மேலே நேரம், கீழே பட்டியல். பட்டியலை மட்டும் வெட்டி அனுப்பினாலும் முழுசாகப் புரிய வேண்டும். அதில் நீங்கள் என்ன கொண்டுவருகிறீர்கள், அவர்கள் என்ன தர வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். 'புரொஜெக்டர், மைக், ஸ்பீக்கர்' என்று மூன்று சொல்லில் முடித்தால் மூன்றும் வந்துசேரும். அவற்றை இணைக்கும் வயர்தான் வராது.

உங்களுக்கு மிக முக்கியமானது ஆடியோ வயர், எனவே அதை முதலில் எழுதுங்கள். மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் புரொஜெக்டரோடு இணைத்ததும், பல சமயம் படத்தோடு ஒலியும் புரொஜெக்டருக்கே போய்விடும். அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பாட்டி பாடுவார், முன்வரிசைக்குமட்டும் கேட்கும். அப்போது யாராவது ஓடிவந்து மைக்கை மடிக்கணினியின்மேல் பிடிப்பார்கள். அதில் வருவது தகர டப்பாவுக்குள் பாடுவது போன்ற ஒலி. இதைத் தவிர்க்க, மடிக்கணினியின் இயர்போன் துளையிலிருந்து ஒலிபெருக்கியின் மிக்ஸருக்கு நேராக ஒரு வயர் போக வேண்டும். அதன் ஒரு முனை 3.5 மில்லிமீட்டர் முள், மறுமுனை மிக்ஸரில் எந்தத் துளை இருக்கிறதோ அதற்கு ஏற்றது. அதை ஒலி பார்ப்பவரே கொண்டுவரட்டும். நீளம் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். விண்டோஸ் கணினியானால் திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி, ஒலி இயர்போன் வழியாகப் போகும்படி தேர்ந்தெடுங்கள். இதை வீட்டிலேயே பழகிக்கொண்டு வாருங்கள்.

வயரை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஓர் ஓயாத ரீங்காரம் கேட்டால் பதற வேண்டாம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் சார்ஜர் வழியாக வரும் மின்தரை இணைப்புதான் காரணம். 40 நிமிடத்துக்குப் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம், ஆகவே முந்தின இரவே முழுக்கச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். சிலர் பிளக்கின் மூன்றாவது முள்ளை முறித்தோ டேப் சுற்றியோ ரீங்காரத்தை நிறுத்துவார்கள். அதை யாரையும் செய்யவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

புரொஜெக்டருக்கு வருவோம். ஒரு சாதாரணப் புரொஜெக்டரின் தூர விகிதம் 1.5 என்றால், 2.4 மீட்டர் அகலப் படம் வர 1.5ஐ 2.4ஆல் பெருக்கிய தூரம், அதாவது 3.6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அது மேடைக்கு எதிரே, நடுப்பாதையில் ஒரு மேசையாக அமையும். நீங்கள் நிற்பதோ மேடை ஓரத்தில். புரொஜெக்டரோடு பெட்டியில் வரும் வயர் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் இருக்கும். அது எட்டாததால் மடிக்கணினியைப் புரொஜெக்டர் மேசையிலேயே வைப்பார்கள். நீங்கள் மேடையிலிருந்து 'அடுத்த படம்' என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், பாட்டை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதும் அந்தப் பையன் கையில். இதைத் தவிர்க்க 10 மீட்டர் எச்டிஎம்ஐ வயர் கேளுங்கள். நேர்க்கோட்டில் 3.6 மீட்டர்தான், ஆனால் வயர் சுவரோரமாகத் தரையில் சுற்றி வர வேண்டும், யாரும் தடுக்கி விழக்கூடாது. 10 மீட்டருக்குமேல் போனால் சாதாரண வயரில் படம் மின்னி மறையலாம். உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை இல்லாமல் சின்ன டைப்-சி துளை மட்டும் இருந்தால் அதற்கான அடாப்டரை நீங்களே வாங்கிவையுங்கள். எல்லா டைப்-சி துளையும் படத்தை வெளியே அனுப்பாது, ஆகவே ஒருமுறை வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டிச் சோதித்துவிடுங்கள்.

உங்கள் கோப்பை அவர்களுடைய கணினியில் ஓட்டச் சம்மதிக்காதீர்கள். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் அடுத்தவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். உங்கள் மடிக்கணினியே வரட்டும், கூடவே படங்களின் பிடிஎஃப் பிரதியும் பாட்டுக் கோப்புகளும் ஒரு பென்டிரைவில் இருக்கட்டும்.

மைக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு கை கணினியில் இருக்கும் என்பதால் கையில் பிடிக்கும் மைக் வேண்டாம், நிலைத்தண்டில் பொருத்திய மைக் கேளுங்கள்.

மின்சாரத்தில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். புரொஜெக்டரும் மடிக்கணினியும் சேர்ந்து 500 வாட் கூட இழுக்காது. ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் சாப்பாட்டுக்காரர் சூடு காக்கும் பெட்டியையும் தண்ணீர்க் கெட்டிலையும் மாட்டினால், 13 ஆம்பியர் பிளக் தாங்கும் 3000 வாட்டைத் தாண்டிவிடும். பியூஸ் போகும், இல்லையென்றால் சுவிட்ச் விழும். நீங்கள் 11.15க்குப் பேசினால் சாப்பாட்டுக்குச் சூடேற்றும் நேரமும் அதுவே. ஆகவே தனிப் பாயிண்ட் கேளுங்கள்.

மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

பொருள்: தோட்ட மரபு விழா: பேச்சு நேரம் மாற்றக் கோரிக்கையும் தேவையான சாமான்களும்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தோட்டப் பாடல்களைப் பற்றிப் பேச அழைத்ததற்கு நன்றி. மகிழ்ச்சியோடு வருகிறேன்.

நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். என் பேச்சை மதியம் 2.15க்குப் பதிலாகக் காலை 11.15க்கு வைக்க முடியுமா? பேச்சில் பழைய கேசட் பதிவுகளை ஒலிக்கவிடுகிறேன். டேவான் கூரை தகரம் என்பதால், மதியம் மழை பெய்தால் அந்தக் குரல்கள் கேட்காது. உறுமி மேளத்தை 2.15க்கு மாற்ற இளைஞர்களுக்கு வசதிப்பட்டால் மற்ற எதையும் அசைக்க வேண்டியிருக்காது. அது முடியாவிட்டால் 12.15 எனக்குச் சரிவரும்.

இரண்டுமே இயலாதென்றால் 2.15க்கே பேசுகிறேன். அப்படியானால் பதிவுகளைக் குறைத்துப் பேச்சை மாற்றி அமைக்க வேண்டும். செப்டம்பர் 30க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஒலி, ஒளிப் பொறுப்பாளருக்கான பட்டியல் கீழே.

பேச்சு: தோட்டப் பாடல்கள், 40 நிமிடம், டேவான் மேடை
நான் கொண்டுவருவது: மடிக்கணினி (எச்டிஎம்ஐ துளை உண்டு), சார்ஜர், கோப்புகளின் பிரதியுடன் பென்டிரைவ்
வேண்டியது:
ஒலி: மடிக்கணினியின் இயர்போன் துளையிலிருந்து (3.5 மி.மீ.) மிக்ஸருக்கு ஆடியோ வயர், மேடை ஓர மேசைக்கு எட்டும் நீளம், தண்டில் பொருத்திய மைக் 1
படம்: புரொஜெக்டர் (3000 லூமன் அல்லது அதற்குமேல்), 2.4 மீட்டர் அகலத் திரை, எச்டிஎம்ஐ வயர் 10 மீட்டர், வயரைத் தரையில் ஒட்ட டேப்
மின்சாரம்: மேடை ஓரத்திலும் புரொஜெக்டர் மேசையிலும் தலா ஒரு 13 ஆம்பியர் பாயிண்ட், சாப்பாட்டுப் பகுதியோடு சேராதது
மண்டபம்: மேடைக்கு இடப்பக்க ஜன்னல் மூன்றுக்குக் கறுப்புத் துணி
சோதனை: விழா அன்று காலை 8 மணிக்கு வந்து 20 நிமிடத்தில் ஒலியும் படமும் பார்த்துவிடுகிறேன்

இவற்றில் எது கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொன்னால் நானே ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
(பெயர், கைப்பேசி எண்)

'இரண்டுமே இயலாதென்றால் 2.15க்கே பேசுகிறேன்' என்ற வரியை எடுத்துவிடாதீர்கள் டீச்சர். அது இருந்தால்தான் மிரட்டலாகத் தோன்றாது. அடுத்த வரியில் பதிவுகள் குறையும் என்று சொல்வதால், மாற்றாவிட்டால் விழாவுக்கு என்ன இழப்பு என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். ஜன்னல் எண்ணிக்கையும் பக்கமும் நீங்கள் நேரில் பார்த்ததற்கு ஏற்ப மாறட்டும். டைப்-சி கணினியானால் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் மாற்றுங்கள்.

விழாக்குழுவில் இருப்பவர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று நாளில் பதில் வராவிட்டால் இரவு 8 மணிக்குமேல் கூப்பிட்டு, 'மின்னஞ்சல் போட்டிருந்தேன், கிடைத்ததா ஐயா?' என்று மட்டும் கேளுங்கள். போனில் நேரம் மாற்றச் சம்மதித்துவிட்டால், அன்றே 'காலை 11.15 என்று உறுதியாகச் சொன்னீர்கள், நன்றி' என்று ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். அழைப்பிதழ் அச்சடிப்பவரிடம் போகும் தாள் பழைய வரைவாகவே இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு வரி இருந்தால் எந்த நேரம் உறுதியானது என்று எடுத்துக் காட்டலாம்.

மாற்ற முடியாது என்று பதில் வந்தால், பட்டியலில் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள்: மேடைப் பக்க ஸ்பீக்கர்களோடு, மண்டபத்தின் நடுவில் இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஸ்பீக்கர். மேடையிலிருந்து ஒலியைக் கூட்டுவதைவிட, குறைந்த ஒலியை மக்களின் அருகே கொண்டுவருவது மழையில் உருப்படியாகக் கேட்கும். பேச்சின் வரிசையையும் மாற்றுங்கள். பாட்டுகளை முதல் 15 நிமிடத்திலேயே போட்டுவிட்டு, படங்களைப் பின்னால் தள்ளுங்கள். இரண்டேகாலுக்கு மழை தொடங்கியிராவிட்டால் பாட்டு தப்பிக்கும். ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் பெரிய எழுத்தில் திரையில் போட்டு வையுங்கள், மழை இடையில் வந்தாலும் வாசித்துக்கொண்டே கேட்பார்கள். அதற்கும் மீறிக் கொட்டினால் பதிவை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டின் இரண்டு வரியை மைக்கில் நீங்களே பாடிக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.